அனுப்பாத இன்வாய்ஸ்: வாய்ட் செய்வதா, கிரெடிட் நோட் போடுவதா?

மார்ச் 28 தேதியிட்ட 1047-ஆம் எண் இன்வாய்ஸ் ஒன்று கணக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 உருப்படிகள், ஒன்று 500 வீதம் 20,000. அதன்மேல் 10 சதவீத வரி 2,000. மொத்தம் 22,000. ஏப்ரல் 15 அன்று பார்த்தால், இதே சரக்குக்கு முன்பே 1043-ஆம் எண்ணில் பில் போட்டு, அது வாடிக்கையாளருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. 1047 இரட்டைப் பதிவு. அதை யாரும் அனுப்பவில்லை. ஆனால் மார்ச் மாதக் கணக்கை முடித்தாயிற்று. ஏப்ரல் 12-ஆம் தேதியே வரி ரிட்டனும் போய்விட்டது.

இப்போது மென்பொருள் இரண்டு வழிகளைக் காட்டுகிறது. ஒன்று வாய்ட், அதாவது அந்த இன்வாய்ஸையே செல்லாததாக்குவது. இன்னொன்று கிரெடிட் நோட், அதாவது இன்வாய்ஸை விட்டுவிட்டு அதன் தொகையைக் கழிக்கும் புது ஆவணம் போடுவது. எதை அழுத்தினாலும் வாடிக்கையாளர் கணக்கில் அந்த 22,000 மறைந்துவிடும். இன்றைய நிலுவையை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். "அனுப்பவே இல்லையே, வாய்ட் செய்துவிடு" என்று சட்டென்று சொல்லிவிடுவதும் அதனால்தான். மார்ச் மாதம் திறந்திருந்தால் அது சரியான பதில். மூடிய பிறகு அதே பதில் வேறு இடத்தில் ஓட்டை போடும்.

அனுப்பவில்லை என்பது உறுதியா?

முதலில் 1047 வரைவு நிலையில் இருக்கிறதா, பதிவாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். வரைவாக இருந்தால் பேரேட்டில் ஒரு பதிவும் ஏறியிருக்காது. அழித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். வாய்டும் வேண்டாம், கிரெடிட் நோட்டும் வேண்டாம். பதிவாகியிருந்தால், அனுப்பினாலும் அனுப்பாவிட்டாலும், அந்த நிமிடமே கீழ்க்கண்ட பதிவு விழுந்துவிடும்:

வாடிக்கையாளர் கணக்கு: பற்று 22,000
விற்பனை: வரவு 20,000
செலுத்த வேண்டிய வரி: வரவு 2,000

சரக்கு இருப்பையும் அதே மென்பொருள் பார்த்துக்கொண்டால் இன்னொரு சோடி பதிவும் உண்டு. ஒன்றின் அடக்கவிலை 300 என்றால், விற்ற சரக்கின் அடக்கம் பற்று 12,000, சரக்கு இருப்பு வரவு 12,000. மின்னஞ்சல் போனதா என்பதற்கும் இந்தப் பதிவுகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அடுத்து, 'அனுப்பவில்லை' என்று திரையில் தெரிவதை அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலான மென்பொருள்களில் அந்தக் குறி, அந்தத் திரையிலிருந்து மின்னஞ்சல் போகவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது. அச்செடுத்துச் சரக்கோடு கொடுத்தனுப்பியிருந்தால் அதற்குத் தெரியாது. வாடிக்கையாளர் தானே நுழைந்து பார்க்கும் இணையப் பக்கம் இருந்தால், பதிவான இன்வாய்ஸ் அங்கே தானாகவே தெரிந்திருக்கும். எல்லாவற்றையும்விட எளிதில் கண்ணுக்குத் தப்புவது மாதக் கடைசியில் போகும் கணக்கு அறிக்கை. மார்ச் 31 அன்று எல்லா வாடிக்கையாளருக்கும் நிலுவை அறிக்கை தானாகப் போயிருந்தால், அதில் 1047 ஒரு வரியாக இருந்திருக்கும். இன்வாய்ஸைப் பார்க்காவிட்டாலும் எண்ணையும் தொகையையும் அவர்கள் பார்த்துவிட்டார்கள். வரித்துறையின் தளத்தில் இன்வாய்ஸைப் பதிந்து எண் வாங்க வேண்டிய நாடுகளில் நிலைமை இன்னும் கறார். அங்கே பதிந்துவிட்டால் அது வெளியே போனதாகத்தான் பொருள். அந்தத் தளம் அனுமதிக்கும் முறையிலும் கெடுவுக்குள்ளும்தான் ரத்து செய்ய முடியும். நம் மென்பொருளில் மட்டும் வாய்ட் செய்தால் அங்கே அது உயிரோடு இருந்துகொண்டே இருக்கும்.

இவற்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் 1047 அனுப்பிய இன்வாய்ஸ்தான். அதற்குக் கிரெடிட் நோட் போட வேண்டும், அதை வாடிக்கையாளருக்கும் அனுப்ப வேண்டும். எதுவும் நடக்கவில்லை என்று உறுதியானால்தான் மேலே பேசுவதற்கு வேலை இருக்கிறது.

வாய்ட் பழைய தேதிக்குப் போகிறது

வாய்ட் செய்தால் இன்வாய்ஸ் எண்ணும் தேதியும் இருக்கும், தொகை மட்டும் பூஜ்யமாகிவிடும். டேலியில் Alt+X அழுத்தி ரத்து செய்வதும், குவிக்புக்ஸில் வாய்ட் கொடுப்பதும் இந்த வகைதான். டேலியில் Alt+D கொடுத்து அழிப்பது வேறு. அதில் ஆவணமே போய்விடும். எண் வரிசையில் ஒரு பல் விழுந்தது போல இடைவெளி நிற்கலாம், தணிக்கையாளர் 1047 எங்கே என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. பதிவாகி எண் பெற்ற இன்வாய்ஸை அழிக்காமல் இருப்பதே நல்லது.

கவனிக்க வேண்டியது, தொகை பூஜ்யமாவது எந்தத் தேதியில் என்பதை. ஏப்ரல் 15 அன்று பொத்தானை அழுத்தினாலும் விளைவு மார்ச் 28-இல் நிகழ்கிறது. மார்ச் விற்பனை 4,00,000 என்று அறிக்கை கொடுத்திருந்தால், இப்போது அதே அறிக்கையை மறுபடி எடுக்கும்போது 3,80,000 வரும். மார்ச் லாபம் 8,000 குறையும் (விற்பனையில் 20,000 போய், அடக்கத்தில் 12,000 திரும்புவதால்). மார்ச் 31 நிலுவைப் பட்டியலில் 22,000 குறையும். உண்மை நிலவரம் இதுதான் என்பதில் சந்தேகமில்லை. அந்த விற்பனை நடக்கவே இல்லை. ஆனால் மார்ச் அறிக்கையை ஏற்கெனவே வாங்கிக்கொண்ட உரிமையாளர், வங்கி, பங்குதாரர் ஆகியோர் கையில் இருப்பது பழைய எண்கள்.

எல்லா மென்பொருளும் இப்படி நடந்துகொள்வதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எஸ்ஏபி மென்பொருளில் VF11 என்ற கட்டளை கொண்டு பில்லை ரத்து செய்தால் தொகை பூஜ்யமாவதில்லை. எதிர்ப்பதிவு கொண்ட தனி ரத்து ஆவணம் ஒன்று பிறக்கிறது, மூல ஆவணம் அப்படியே நிற்கிறது. பெயர் ரத்து என்றிருந்தாலும், கணக்கில் அது கிரெடிட் நோட்டுக்குப் பக்கத்து வீடு. ஆகவே பொத்தானின் பெயரைப் பார்க்காமல், ஒரு சோதனை நிறுவனக் கணக்கில் சிறு இன்வாய்ஸ் போட்டு, ரத்து செய்து, எந்தத் தேதியில் என்ன பதிவு விழுகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். ஐந்து நிமிட வேலை.

வரிக் கணக்கில் ஒட்டிக்கொள்ளும் 2,000

மூடிய மாதத்தில் வாய்ட் செய்வதால் வரும் உண்மையான பணச் சேதம் வரியில்தான் இருக்கிறது. மார்ச் ரிட்டனில் 40,000 வரி காட்டிக் கட்டியாயிற்று. அதில் 1047-இன் 2,000 அடக்கம். இப்போது வாய்ட் செய்தால் பேரேட்டில் மார்ச் வரி 38,000 ஆகிவிடும். கட்டியதோ 40,000. எனவே வரிக் கணக்கில் 2,000 பற்று இருப்பு நிற்கும், அதாவது கூடுதலாகக் கட்டிய தொகை. ஏப்ரல் ரிட்டனை எடுக்கும்போது மென்பொருள் ஏப்ரல் தேதியிட்ட ஆவணங்களை மட்டும் கூட்டும். அந்த 2,000-ஐக் கழிக்கச் சொல்லி ஏப்ரலில் எந்த ஆவணமும் இல்லை. ஆகவே அது கழியாது. யாராவது தேடிப் பிடித்து மார்ச் ரிட்டனைத் திருத்தும்வரை, அல்லது சட்டம் அனுமதித்தால் கையால் ஒரு சரிக்கட்டுப் பதிவு போடும்வரை, அந்தப் பணம் வரித்துறையிடமே இருக்கும்.

இது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொரு ரிட்டனையும் கட்டிய மறுநாள் வரிக் கணக்கின் இருப்பு, இன்னும் தாக்கல் செய்யாத காலத்தின் வரிக்குச் சமமாக இருக்க வேண்டும். அதைவிடச் சின்னத் தொகை ஒன்று குறைவாக, மாதாமாதம் மாறாமல் ஒட்டிக்கொண்டே வந்தால், முடிந்துபோன ஏதோ ஒரு மாதத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கிரெடிட் நோட் இந்த இடத்தில் வேறு மாதிரி வேலை செய்கிறது. ஏப்ரல் 15 தேதியிட்டுப் போட்டால் பதிவு இப்படி விழும்:

விற்பனை (அல்லது விற்பனைத் திருப்பம்): பற்று 20,000
செலுத்த வேண்டிய வரி: பற்று 2,000
வாடிக்கையாளர் கணக்கு: வரவு 22,000

மார்ச் அப்படியே நிற்கும். ஏப்ரல் விற்பனை 20,000 குறையும், ஏப்ரல் ரிட்டனில் 2,000 தானாகக் கழியும். தாக்கல் செய்த ரிட்டனும் பேரேடும் கடைசிவரை ஒத்துப்போகும். மூடிய காலத்துக்குக் கணக்காளர்கள் கிரெடிட் நோட்டையே விரும்புவதற்கு இதுதான் காரணம்.

ஆனால் ஒரு முள் இருக்கிறது. வரிச் சட்டத்தின் பார்வையில் கிரெடிட் நோட் என்பது வெளியிட்ட இன்வாய்ஸைக் குறைக்கும் ஆவணம். வெளியிடாத இன்வாய்ஸுக்கு, வாடிக்கையாளரிடம் கொடுக்காத கிரெடிட் நோட்டை வைத்து வரியைக் கழிக்கலாமா, அல்லது மார்ச் ரிட்டனைத்தான் திருத்த வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். தொகை பெரிதாக இருந்தால் பதிவு போடும் முன்பே வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். திருத்தல் ரிட்டன்தான் வழி என்று அவர் சொன்னால், வாய்டும் திருத்தலும் சேர்ந்தே நடக்க வேண்டும். வாய்ட் மட்டும் நடந்து திருத்தல் மறந்துபோவதுதான் மேலே சொன்ன 2,000.

சரக்கு இருப்பில் நடக்கும் கூத்து

பெரும்பாலோர் வாடிக்கையாளர் கணக்கையும் வரியையும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் இரண்டு வழிகளும் அதிகம் விலகிப் போவது சரக்குக் கணக்கில்தான். சராசரி அடக்கவிலை முறையில் 1047-ஐத் தொடர்ந்து பார்ப்போம்.

மார்ச்சில் தொடக்க இருப்பு 200 உருப்படிகள், ஒன்று 300. முறையான 1043 இன்வாய்ஸில் 40 போனது, மீதி 160. இரட்டைப் பதிவான 1047 இன்னொரு 40-ஐக் கழித்து, புத்தகத்தில் 120 என்று காட்டியது. கிடங்கில் எண்ணினால் 160 இருக்கும். ஏப்ரல் 3 அன்று 80 உருப்படிகள் 360 வீதம் வாங்கினார்கள். ஏப்ரல் 6 அன்று 100 விற்றார்கள்.

இருப்பு 120 என்று நம்பிய மென்பொருள், 120-ஐ 300 வீதமும் 80-ஐ 360 வீதமும் கலந்து சராசரியை 324 என்று போட்டது. உண்மையான இருப்பு 160. அதை வைத்துக் கணக்கிட்டால் சராசரி 320. ஆக, ஏப்ரல் 6-இல் விற்ற 100 உருப்படிகளுக்கு அடக்கம் 32,000 என்று ஏறியிருக்க வேண்டியது, 32,400 என்று ஏறிவிட்டது. அந்த விற்பனைக்கும் 1047-க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, வாடிக்கையாளரே வேறு. இருந்தும் பிழை அங்கே போய் உட்கார்ந்துவிட்டது.

1047-ஐ வாய்ட் செய்தால், பழைய தேதியிலிருந்து அடக்கவிலையை மறுபடி கணக்கிடும் மென்பொருள்கள் இதைத் தானே சரிசெய்துவிடும். ஏப்ரல் 6 விற்பனையின் அடக்கம் 32,000 ஆகும், கடைசி இருப்பு 140 உருப்படிகள், மதிப்பு 44,800. எல்லாம் சுத்தம். விலை என்னவென்றால், நாம் தொடாத ஆவணங்களின் எண்களும் மாறுகின்றன.

கிரெடிட் நோட் போட்டால் 40 உருப்படிகள் ஏப்ரல் 15 அன்று இருப்புக்குத் திரும்புகின்றன. எந்த விலையில் என்பதுதான் கேள்வி. மூல இன்வாய்ஸோடு இணைத்துப் போட்டால் போன விலையான 300-க்கே திரும்ப எடுக்கும் மென்பொருள் உண்டு. அப்போது கடைசி இருப்பின் மதிப்பு 44,400. இணைக்காமல் தனியாகப் போட்டால் அன்றைய சராசரியான 324-க்கு உள்ளே எடுப்பவையும் உண்டு. அப்போது 45,360. எண்ணிக்கை மூன்று நிலைகளிலும் 140-தான்; மதிப்பு மட்டும் சரியானதைவிட 400 குறைவாகவோ 560 அதிகமாகவோ நிற்கும், லாபமும் அதே அளவு பிசகும். சில நூறுகளுக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விலை வேகமாக ஏறி இறங்கும் சரக்கு, 40-க்குப் பதில் 4,000 என்றால் கவலைப்படலாம்.

இதைவிடப் பெரிய பிழை ஒன்று அடிக்கடி நடக்கிறது. அவசரத்தில் கிரெடிட் நோட்டைப் பொருள் வரிசை இல்லாமல், '1047 ரத்து' என்று ஒரே வரியில் 20,000 தொகையாகப் போட்டுவிடுவார்கள். விற்பனையும் வரியும் வாடிக்கையாளர் கணக்கும் அழகாக நேராகிவிடும். சரக்கு திரும்பாது. 12,000 அடக்கச் செலவு அப்படியே தங்கி, கிடங்கில் 40 உருப்படிகள் கணக்கில் வராமல் நிற்கும். அடுத்த சரக்கு எண்ணிக்கையின்போது 'உபரி' என்று எழுதி மூடுவார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. 1047-இல் என்னென்ன வரிசைகள் இருந்தனவோ அவையேதான் கிரெடிட் நோட்டிலும் இருக்க வேண்டும்: அதே பொருள் குறியீடு, அதே எண்ணிக்கை, அதே விலை, அதே வரி விகிதம்.

கிரெடிட் நோட் போட்ட பிறகு

போட்டால் மட்டும் வேலை முடிவதில்லை, 1047-க்கு எதிராகப் பொருத்தவும் வேண்டும். பொருத்தாமல் விட்டால் வாடிக்கையாளரின் மொத்த நிலுவை சரியாக இருக்கும். ஆனால் வயதுவாரி நிலுவைப் பட்டியலில் 1047 ஒரு பக்கம் தவணை தாண்டிய கடனாகவும், கிரெடிட் நோட் இன்னொரு பக்கம் பயன்படுத்தாத வரவாகவும் தனித்தனியே நிற்கும். தானியங்கி நினைவூட்டல் இருந்தால், அனுப்பாத இன்வாய்ஸுக்குப் பணம் கேட்டு வாடிக்கையாளருக்குக் கடிதம் போகும். சங்கடமான தொலைபேசி அழைப்பு அடுத்த நாள் வரும்.

பொருத்தும் முன் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரட்டை இன்வாய்ஸ் என்பதால் 1043-உம் 1047-உம் ஒரே தொகை. வாடிக்கையாளர் 1043-க்கு அனுப்பிய 22,000-ஐ, தொகையை மட்டும் பார்த்து யாராவது 1047-க்கு எதிராக வரவு வைத்திருக்கலாம். அப்படியானால் வாய்ட் பொத்தானே சில மென்பொருள்களில் வேலை செய்யாது. வேறு சிலவற்றில் வேலை செய்து, அந்தப் பணத்தை எந்த இன்வாய்ஸோடும் சேராமல் தொங்கவிடும். முதலில் அந்த வரவை 1047-இலிருந்து எடுத்து 1043-க்கு மாற்ற வேண்டும். எந்த வழியில் ரத்து செய்வதானாலும் அதற்கு அப்புறம்தான்.

கிரெடிட் நோட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பலாமா? 1047-ஐப் பார்க்காதவர் கையில் 22,000-க்குக் கிரெடிட் நோட் மட்டும் போனால், அதைத் தனக்குக் கிடைத்த தள்ளுபடியாக எடுத்துக்கொண்டு அடுத்த பணம் கொடுக்கும்போது கழித்துவிடுவார். அவர் பக்கத்தில் அது முற்றிலும் நியாயம். வரி விதிப்படி கிரெடிட் நோட்டைக் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில் 1047-இன் நகலையும் சேர்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். கட்டாயம் இல்லையென்றால் இரண்டையுமே அனுப்பாமல், மென்பொருளின் தானியங்கி மின்னஞ்சலை நிறுத்திவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். கிரெடிட் நோட்டின் குறிப்பில் '1047, 28 மார்ச், 1043-இன் இரட்டைப் பதிவு, வெளியே அனுப்பப்படவில்லை' என்று எழுதிவைத்தால் ஓராண்டு கழித்துப் பார்க்கும் தணிக்கையாளர் யாரையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

பூட்டைத் திறந்து வாய்ட் செய்தால்

மாதம் மூடியதும் பூட்டுத் தேதி வைத்திருப்பவர்களுக்கு மென்பொருளே வாய்டைத் தடுத்துவிடும். நடைமுறையில் என்ன நடக்கிறதென்றால், நிர்வாக உரிமை உள்ள ஒருவர் பூட்டைத் திறந்து, வாய்ட் செய்து, திரும்பப் பூட்டிவிடுகிறார். இரண்டு நிமிடம்கூட ஆகாது. அடுத்த மாதம் ஏப்ரலின் தொடக்க இருப்பு, முன்பே அறிக்கையில் கொடுத்த மார்ச்சின் முடிவு இருப்போடு ஒட்டாமல் எல்லோரும் தலையைச் சொறிகிறார்கள். மாதம் மூடும் அன்றே, எல்லாக் கணக்குகளின் இருப்பையும் காட்டும் இருப்பாய்வை மாற்ற முடியாத கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் அதே தேதிக்குப் புதிதாக எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். விற்பனையில் 20,000, வரியில் 2,000, கடனாளியில் 22,000, சரக்கில் 12,000 என்று வித்தியாசங்கள் ஒன்றோடொன்று பொருந்தி வந்தால், தேட வேண்டியது வாய்ட் செய்த ஒரே ஒரு இன்வாய்ஸை. மாற்றப் பதிவேட்டில் யார், எப்போது என்பதும் இருக்கும்.

மார்ச் 31 நிதியாண்டின் கடைசி நாளாகவும் இருந்தால் கணக்கு சற்று மாறும். ஆண்டறிக்கைக்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை என்றால், 1047-ஐ மார்ச்சிலேயே நீக்குவதுதான் சரி. பன்னாட்டுக் கணக்கியல் தரநிலை 10-இன்படி, ஆண்டு முடிந்தபின் அறிக்கை ஒப்புதலுக்கு முன் தெரியவரும் பிழையை அந்த ஆண்டிலேயே திருத்த வேண்டும். இதற்கு வாய்ட்தான் செய்ய வேண்டும் என்றில்லை. கிரெடிட் நோட்டை ஏப்ரல் தேதியில் போட்டுவிட்டு, மார்ச் 31 தேதியில் விற்பனை, அடக்கம், வரி, கடனாளி, சரக்கு ஆகியவற்றுக்கு ஒரு சரிக்கட்டுப் பதிவும், ஏப்ரல் 1 அன்று அதற்கு எதிர்ப்பதிவும் போட்டால் ஆண்டறிக்கையும் சரியாகும், ரிட்டனுக்கான ஆவணமும் ஏப்ரலில் இருக்கும். அறிக்கைக்கு ஒப்புதல் ஆகிவிட்டிருந்தால், 20,000 அந்த நிறுவனத்துக்குப் பொருட்படுத்தத்தக்க தொகையா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் நடப்பாண்டுக் கிரெடிட் நோட்டோடு விஷயம் முடிந்தது. பொருட்படுத்தத்தக்கது என்றால் தரநிலை 8-இன் கீழ் முந்தைய ஆண்டின் எண்களைத் திருத்திக் காட்ட வேண்டியிருக்கும். அந்த முடிவைத் தணிக்கையாளரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.